குழுக்கடன் திட்டத்தை மெலிந்த மாதத்திலிருந்து எழுதுங்கள்

நுண்கடன் நிறுவனம் பெண்களுக்குக் கொடுக்கும் குழுக்கடனை நம் ஊரில் எல்லோரும் ‘குழு லோன்’ என்ற ஒரே பெயரில் அழைக்கிறார்கள். ஆனால் மகளிர் சுய உதவிக் குழு வேறு, நுண்கடன் நிறுவனம் கடன் கொடுக்கும் கூட்டுப் பொறுப்புக் குழு வேறு. சுய உதவிக் குழு முதலில் சேமிக்கும். பிறகு குழுவின் பெயரிலேயே வங்கியில் கடன் வாங்கிப் பிரித்துக்கொள்ளும். கூட்டுப் பொறுப்புக் குழுவில் பொதுவாக 4 முதல் 10 பேர் இருப்பார்கள். கடன் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக இருக்கும். அடமானம் கிடையாது. அதற்குப் பதிலாக ஒருவர் தவணைக்கு மற்றவர்கள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அப்படியென்றால் கடன் திட்டம் என்பது நிறுவனத்தைத் திருப்திப்படுத்த நிரப்பித் தரும் தாள் அல்ல. பக்கத்து வீட்டுக்காரி தவணை கட்டாத மாதத்தில் அது உங்கள் வீட்டுப் பணத்திலிருந்து போகும். அவர் எவ்வளவு சம்பாதிக்கிறார், எந்த மாதத்தில் சம்பாதிக்க மாட்டார், இதற்கு முன் எப்படிக் கட்டினார் என்பதை நிறுவனத்தைவிட அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள்தான்.

இதை ஓர் உதாரணக் குழுவை வைத்துப் பார்ப்போம். குமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் திங்கள்நகருக்கும் நடுவே ஒரே தெருவில் வசிக்கும் ஐந்து பெண்கள். ஒருவர் மீன் விற்பவர், ஒருவர் முந்திரி ஆலையில் வேலை செய்பவர், ஒருவர் தையல்காரர், ஒருவர் பால்மாடு வளர்ப்பவர், ஒருவர் ஆப்பக்கடை நடத்துபவர். யாரும் யாருக்கும் நெருங்கிய உறவு இல்லை; ஒரே குடும்பத்தில் இருவர் குழுவில் இருந்தால் ஒரு வீட்டில் விழும் அடி இரண்டு தவணையையும் சேர்த்து விழுத்தும். இவர்களைப் பற்றிய தொகைகள் எல்லாம் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் குழுவுக்கு உங்கள் கணக்கைப் போடுங்கள்.

முதலில் மீன் விற்பவரின் வருமானம். “தினமும் மூவாயிரத்து நூறு ரூபாய்க்கு விற்பேன்” என்று அவர் சொல்வார். அதை அப்படியே 22 நாளால் பெருக்கினால் மாதம் 68,200 ரூபாய் வருகிறது. இது வருமானம் அல்ல, விற்பனை. துறைமுகத்து ஏலத்தில் அன்று எடுத்த மீனுக்கு 2,500 ரூபாய் கொடுத்திருக்கிறார். ஐஸுக்கும் ஆட்டோவுக்கும் 150 ரூபாய் போயிருக்கிறது. மிஞ்சியது 450 ரூபாய். 22 நாளுக்கு 9,900 ரூபாய். திட்டத்தில் எழுத வேண்டிய எண் இதுதான். விற்பனையை வருமானமாக எழுதிவிட்டால் அவரால் கட்டவே முடியாத தவணை தாளில் சுலபமாகத் தெரியும். அல்லது அதிக வருமானக்காரர் என்று கடனே மறுக்கப்படும்.

மறுக்கப்படக் காரணம் ஒரு விதி. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி நெறிமுறைப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பதே நுண்கடன். இங்கே குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் மட்டும். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் கல்யாணமாகித் தனிக் குடும்பமாக இருந்தால், அவர் அனுப்பும் பணத்தை நம்பித் தவணை போடக் கூடாது. நம் மாவட்டத்தில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. மகனின் பணம் நின்ற மாதம் தவணையும் நிற்கிறது.

மீன் விற்பவரின் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். நல்ல மாதத்தில் 12,000 ரூபாய் கொண்டுவருகிறார். ஆக நல்ல மாதத்தில் வீட்டுக்கு 21,900 ரூபாய். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதமும் கணவருக்கு வருமானம் இல்லை. நாட்டுப்படகுகளில் வரும் மீனை மட்டும் நம்ப வேண்டியிருப்பதால் மனைவிக்கும் 12 நாள்தான் வியாபாரம். அதிலும் விலை ஏறிவிடுவதால் நாளொன்றுக்கு 350 ரூபாய்தான் நிற்கும். ஜூனில் அந்த வீட்டு வருமானம் 4,200 ரூபாய்.

ஆண்டு முழுவதையும் கூட்டினால் 2,27,400 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 18,950. ரிசர்வ் வங்கி விதி இன்னொன்றும் சொல்கிறது: குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதி என்றால் 9,475 ரூபாய். இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு கடனுக்கு மாதம் 2,400 ரூபாய் போகிறது. புதிதாக 30,000 ரூபாய் கேட்கிறார். ஐஸ் பெட்டிக்கும் ஏலத்தில் மீன் எடுக்கும் முதலுக்கும்.

தவணை எவ்வளவு வரும்? ஆண்டு வட்டி 24 சதவீதம், குறைந்துவரும் அசலுக்கு மட்டும் வட்டி, 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,586 ரூபாய். முதல் மாதத்தில் 600 ரூபாய் வட்டியாகவும் 986 ரூபாய் அசலாகவும் போகும். மாதம் செல்லச் செல்ல வட்டிப் பங்கு குறையும். இரண்டு ஆண்டில் மொத்த வட்டி ஏறத்தாழ 8,070 ரூபாய். இதே கடனுக்கு யாராவது 24 சதவீதத்தை முழு அசலுக்கும் இரண்டு வருடமும் போட்டால் வட்டி 14,400 ரூபாயாகிவிடும். ‘24 சதவீதம்’ என்ற ஒரே பேச்சுக்குள் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறது. ஆகவே சதவீதத்தைக் கேட்பதோடு நிறுத்தாமல், கட்டப்போகும் மொத்தத் தொகையைக் கேளுங்கள். செயல்முறைக் கட்டணம், காப்பீடு உட்பட எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் விவரத்தாளை நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டும். வசூல் எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதையும் கவனியுங்கள். 28 நாளுக்கு ஒரு முறை என்றால் வருடத்துக்கு 12 அல்ல, 13 தவணை.

மீன் விற்பவருக்கு இரண்டு கடனும் சேர்ந்து மாதம் 3,986 ரூபாய். சராசரி வருமானத்தில் சுமார் 21 சதவீதம்தான். விதிப்படி தாராளமாகத் தேறுகிறார். கடன் அதிகாரியின் தாளிலும் தேறுவார். ஆனால் சராசரி மாதம் என்று ஒன்று அந்த வீட்டில் ஒருபோதும் வருவதில்லை. வருவது நல்ல மாதமும் தடை மாதமும்தான்.

நல்ல மாதத்தில் வீட்டுச் செலவு 11,000 ரூபாய். தவணையும் கட்டிய பிறகு 6,914 ரூபாய் மிஞ்சுகிறது. தடை மாதத்தில் செலவை 9,000 ரூபாய்க்கு இறுக்கிப் பிடித்தாலும் 4,800 ரூபாய் பற்றாக்குறை. அதன்மேல் தவணை 3,986. இரண்டு மாதத்துக்குச் சேர்த்து 17,572 ரூபாய் வேண்டும். அரசு தரும் தடைக்கால நிவாரணம் இருக்கிறதே என்பார்கள். அது வந்தால் நல்லது. ஆனால் தவணைத் தேதியைப் பார்த்துக்கொண்டு அது வராது. திட்டத்தில் அதை எழுதாமல் விடுவதே பாதுகாப்பு.

இப்போது கேள்வி, கடனை எந்த மாதத்தில் வாங்குவது என்பதாகிறது. முதல் தவணை ஆகஸ்டில் தொடங்கினால் மே வரை பத்து நல்ல மாதங்கள் கிடைக்கின்றன. மாதம் 1,800 ரூபாய் வீதம் அஞ்சலகக் கணக்கில் போட்டுவந்தால் 18,000 ரூபாய் சேரும்; தடைக்காலத்தைத் தாண்டிவிடலாம். முதல் தவணை ஏப்ரலில் தொடங்கினால் கையில் சேர்வது 3,600 ரூபாய்தான். ஏறத்தாழ 14,000 ரூபாய்க்கு அவர் கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டும், அல்லது குழு சுமக்க வேண்டும். கடனும் அதே, ஆளும் அதே, தொகையும் அதே; தொடங்கும் மாதம் மட்டுமே வேறு. நிறுவனத்தின் ஊழியருக்கு இந்த மாதமே கடன் கொடுத்து முடிக்க வேண்டிய இலக்கு இருக்கலாம். அந்த அவசரம் உங்களுடையது அல்ல. மாதத்தைக் குறித்துத் திட்டத்தில் எழுதிக் கேளுங்கள்.

அடுத்து முந்திரி ஆலைத் தொழிலாளி. இவரும் 30,000 ரூபாய் கேட்கிறார், ஆடு வளர்க்க. ஆலை நடக்கும் மாதத்தில் 7,000 ரூபாய் கூலி. ஆலைக்கு வர வேண்டிய கொட்டை வராமல் வருடத்தில் இரண்டு மாதம் வேலை நிற்கும். கணவர் கொத்தனார், நாளுக்கு 900 ரூபாய் வீதம் 18 நாளுக்கு 16,200 ரூபாய். ஆனால் குமரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன், அக்டோபர், நவம்பரில் அவருக்கு எட்டு நாள் வேலை கிடைத்தால் பெரிது. 7,200 ரூபாய்தான் வரும். ஆண்டுக்கு இருவரும் சேர்ந்து 2,37,400 ரூபாய். மீன் விற்பவர் வீட்டைவிட அதிகம்.

இவருக்கு ஏற்கெனவே இரண்டு இடத்தில் கடன்; தவணை 3,300 ரூபாயும் 3,100 ரூபாயும். புதுத் தவணையும் சேர்த்தால் மாதம் 7,986. சராசரி வருமானத்தில் சுமார் 40 சதவீதம். விதி அனுமதிக்கிறது. மாதம் 13,000 ரூபாய் வீட்டுச் செலவோடு வருடம் முழுவதையும் போட்டுப் பாருங்கள். நல்ல மாதங்கள் ஏழுதான், ஒவ்வொன்றிலும் 2,214 ரூபாய் மிஞ்சும், மொத்தம் 15,498. மழை மாதம் மூன்றிலும் தலா 6,786 ரூபாயும், ஆலை மூடிய மாதம் இரண்டிலும் தலா 4,786 ரூபாயும் பற்றாக்குறை, மொத்தம் 29,930. வருட முடிவில் 14,432 ரூபாய் துண்டு விழுகிறது. ஆடு வருமானம் தரத் தொடங்க மாதங்கள் ஆகும். அந்த ஓட்டையை இன்னொரு கடனால்தான் அடைப்பார். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் என்ற சுழல் இப்படித்தான் தொடங்குகிறது. கெட்ட எண்ணத்தாலோ ஊதாரித்தனத்தாலோ அல்ல, வருடம் முழுவதையும் மாதம் மாதமாக எழுதிப் பார்க்காததால்.

இருக்கிற இரண்டு கடனை மட்டும் கட்டினால் வருடத்துக்கு 4,600 ரூபாய் மிஞ்சுகிறது. அதாவது அவர் இன்று விளிம்பில் நிற்கிறார். 3,100 ரூபாய்க் கடன் முடிந்த பிறகு புதுக் கடன் எடுத்தால் கணக்கு நிற்கும்; வருட முடிவில் 22,000 ரூபாய்க்கு மேல் கையில் இருக்கும். எனவே இந்தக் குழு எடுக்க வேண்டிய முடிவு, அவருக்கு இப்போது கையெழுத்துப் போடாமல் அந்தக் கடன் முடியும்வரை காத்திருக்கச் சொல்வது. நான்கு பேர் இருந்தாலும் குழு குழுதான். முகத்துக்கு நேரே சொல்வது கஷ்டம், உண்மைதான். கணக்கைத் தாளில் எழுதி அவரிடமே கொடுத்தால் பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார்.

மீதி நான்கு பேரில் தையல்காரரும் மாடு வளர்ப்பவரும் தலா 40,000 ரூபாய் கேட்கிறார்கள். தவணை 2,115 ரூபாய். ஆப்பக்கடைக்காரருக்கு 30,000. இவர்களுக்கும் அதே முறையில் கணக்கெழுதினால் மெலிந்த மாதங்கள் வேறு வேறாக விழுகின்றன. தையலுக்கு ஜூன் பள்ளிச் சீருடைக் காலம். அவர் கை ஓங்கியிருக்கும். மாட்டுக்காரருக்கு ஈற்றுக்கு முன் பால் வற்றும் இரண்டு மாதம்தான் கஷ்டம். அது எந்த மாதம் என்று சினை பிடித்த தேதியிலிருந்து முன்கூட்டியே தெரியும். இந்தக் கலப்புதான் குழுவின் பலம். ஒரே தெருவில் ஐந்து பேருமே மீன் விற்பவர்களாக, ஐந்து கணவர்களும் விசைப்படகுக்குப் போகிறவர்களாக இருந்தால் ஜூனில் ஒருவருக்காக இன்னொருவர் கட்டவே முடியாது. பொறுப்பேற்பவர் எல்லோரும் ஒரே நாளில் வெறுங்கையாக நிற்பார்கள். அப்படிப்பட்ட குழுவைக் கூட்டுப் பொறுப்புக் குழு என்று தாளில்தான் எழுத முடியும்.

இனி, ஒழுங்காகக் கட்டுவார் என்பதை எப்படிக் காட்டுவது? “நாங்கள் நாணயமானவர்கள்” என்ற வாக்கியத்துக்குத் திட்டத்தில் மதிப்பில்லை. பழைய கடன் அட்டை இருக்கிறதா, அதில் தவணைத் தேதிக்கும் கட்டிய தேதிக்கும் எத்தனை நாள் வித்தியாசம் என்பதே சான்று. உதாரணமாக மாட்டுக்காரரின் பழைய கடனில் 24 தவணையில் 22 குறித்த நாளில் கட்டப்பட்டிருக்கின்றன. மாட்டுக்கு நோய் வந்தபோது இரண்டு தவணை தாமதம், ஒன்று 9 நாள், ஒன்று 17 நாள். இதை மறைக்காமல் காரணத்தோடு எழுதுங்கள். நிறுவனம் எப்படியும் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையை எடுத்துப் பார்க்கும். அங்கே எல்லாம் தெரியும். நீங்களும் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக உங்கள் அறிக்கையைப் பெறலாம். திட்டம் எழுத உட்காரும் முன்பே ஒவ்வொருவரும் எடுத்துவிடுங்கள். கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கியாகக் காட்டினாலோ, வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தாலோ திருத்த அவகாசம் வேண்டுமே.

ஆனால் அந்த அறிக்கைக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒருவர் பணமில்லாமல் நின்ற மாதம் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்டிவிட்டால், அறிக்கையில் அவர் பெயருக்கு நேராக ‘குறித்த நாளில் கட்டப்பட்டது’ என்றுதான் பதிவாகும். வருடம் முழுவதும் தோழிகள் தோளில் நின்றவருக்கும் சொந்தப் பணத்தில் கட்டியவருக்கும் அங்கே வித்தியாசம் இல்லை. அந்த வித்தியாசம் குழுவின் சொந்த நோட்டில் மட்டுமே இருக்க முடியும். தேதி, யார் தவணை, எவ்வளவு, உண்மையில் கட்டியது யார் என்று நான்கு கட்டம் போட்டு ஒவ்வொரு வசூல் நாளிலும் எழுதி, எல்லோரும் கையெழுத்திடுங்கள். அடுத்த கடனுக்கு இந்த நோட்டைவிட நல்ல சான்று வேறில்லை.

நான்காவது கட்டம் இன்னொரு ஆபத்தையும் காட்டிக்கொடுக்கும். ஒருவரின் தவணையை மாதா மாதம் குழுத் தலைவியோ வெளியாள் ஒருவரோ கட்டுகிறார் என்றால், கடன் அவர் பெயரில் வாங்கப்பட்டு வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம். “எதற்கு வாங்கினாய்?” என்று கேட்டால் தெளிவான பதில் வராது, வாங்கியதாகச் சொன்ன மாடோ மெஷினோ வீட்டில் இருக்காது. பெயர் கொடுத்தவர்தான் சட்டப்படி கடன்காரர். அவருக்குப் பின்னால் பொறுப்பு உங்களுக்கு. கடன் வந்த சில வாரத்துக்குள் எல்லோரும் சேர்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பொருளைப் பார்த்துவிடுவதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். தலைவியிடம் மொத்தமாகப் பணம் கொடுத்து அனுப்புவதானாலும் ரசீது ஒவ்வொருவர் பெயரிலும் அன்றே வர வேண்டும்.

நிறுவனத்தின் படிவத்தில் ஊழியர் நிரப்பும் வருமானத்தையும் கையெழுத்துக்கு முன் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கடன் தொகைக்குப் பொருந்தும்படி வருமானம் கூட்டியோ குறைத்தோ எழுதப்பட்டிருந்தால், அது கடன் தகவல் நிறுவனத்துக்கும் போய்ச் சேரும். உங்கள் திட்டத்தில் உள்ள எண்ணும் படிவத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

திட்டத்தின் கடைசிப் பக்கம் தவணை தவறும் மாதத்துக்கானது. நம் உதாரணத்தில் நால்வரின் மாதத் தவணை மொத்தம் 7,402 ரூபாய். மீன் விற்பவர் சேர்த்த பணம் ஜூலையில் மருத்துவச் செலவுக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய 1,586 ரூபாயை மற்ற மூவரும் பிரித்தால் தலைக்கு சுமார் 529 ரூபாய். மூவரின் ஜூலை மாதக் கணக்கிலும் அதற்கு இடமிருக்கிறதா என்று இப்போதே பார்த்துக் குறித்துவையுங்கள். அவர் அதை வட்டியில்லாமல் ஆகஸ்டில் பாதி, செப்டம்பரில் பாதி திருப்பித் தர வேண்டும்; தடை நீங்கிப் படகுகள் கடலுக்குப் போயிருக்கும், கையில் பணம் புழங்கும். அடுத்த மாதமும் தவறினால் குழு அவரோடு சேர்ந்து நிறுவனத்துக்குப் போய்த் தவணையை மாற்றி அமைக்கக் கேட்கும். வசூல் ஊழியர் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ தொல்லை கொடுக்கக் கூடாது. பேசி வைத்த பொது இடத்துக்குத் தொடர்ந்து இரண்டு முறை வராதவர் வீட்டுக்கு மட்டுமே அவர் வரலாம். இந்த வரிகளுக்குக் கீழே நால்வரும் கையெழுத்திட்டு, ஒரு நகலை நோட்டில் ஒட்டிவிட்டு, பிறகு நிறுவனத்தின் தாளில் கையெழுத்துப் போடுங்கள்.